92 ரூபாய்க்குக் கீழே திட்டம் செல்லாது

மிட்கேப் கிரிப்டோ காயின் ஒன்று 124 ரூபாயிலிருந்து இறங்கி, முன்பு இரண்டு முறை தாங்கி நின்ற 95 ரூபாய்ப் பகுதிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். சில வாரங்களுக்கான ஸ்விங் டிரேடர், வாங்கும் முன்பே தாளில் எழுதுகிறார்: "100-இல் வாங்கு. நாள் முடிவு விலை 92-க்குக் கீழே போனால் வெளியேறு. 116-இல் பாதி, 124-இல் மீதி விற்பனை."

92 ஏன்? விலை அங்கே முடிந்தால் 95-இன் தாங்குதல் உடைந்துவிட்டது. வாங்கிய காரணமே இல்லை. சில நிமிடச் சரிவுகள் இவ்வகைக் காயின்களில் சகஜம் என்பதால்தான் நாள் முடிவு விலையைப் பார்க்கிறார்.

அளவு அதற்குப் பிறகுதான். கையிருப்பு ஒரு லட்சம். இழக்கத் துணிவது 1,000. காயினுக்கு 8 ரூபாய் நஷ்டம் என்றால் 125 காயின்கள், அதாவது 12,500 ரூபாய் முதலீடு. இரவில் பிட்காயின் சரிந்தால் இதுவும் 88-இல் முடியலாம். அப்போது நஷ்டம் 1,500.

இந்தியாவில் இன்னொரு கணக்கும் உண்டு. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீத வரி. ஒன்றின் நஷ்டத்தை மற்றதன் லாபத்தில் கழிக்க முடியாது. 2,000 லாபம், 1,000 நஷ்டம் என்றால் வரி மட்டும் 600. செஸ் தனி.