“இதை நூறு தடவை சொல்லிட்டீங்க தாத்தா”

மதுரையில் ஒரு வீடு. இரவு எட்டு மணிக்கு, பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த பேத்தி சாப்பிட உட்கார்ந்தாள். எதிரே தாத்தா. மண்டபத்தில் பிறந்தவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர். “அறுபத்தி நாலு டிசம்பர்ல அடிச்சுச்சே ஒரு புயல்...” என்று ஆரம்பித்தார்.

“தாத்தா, இதை நூறு தடவை சொல்லிட்டீங்க. கொஞ்சம் சும்மா இருங்களேன்.”

வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். தாத்தா பாதி வாக்கியத்தில் நிறுத்திக்கொண்டார். அடுத்த இரண்டு நாளும் அவளிடம் “சாப்பிட்டியா” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

அவர் சொல்ல வந்தது 1964 டிசம்பர் 22 இரவின் புயல். தனுஷ்கோடியை அழித்து, பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலைக் கடலுக்குள் இழுத்துக்கொண்ட புயல். அப்போது அவருக்கு வயது 14. முதியவர்களின் நினைவில் பத்து முதல் முப்பது வயது வரையிலான காலம்தான் மிக அடர்த்தியாகப் பதிந்திருக்கிறது என்பது உளவியலில் பலமுறை உறுதியான செய்தி. அதனால் பேச்சென்று வந்தால் முதலில் எழுந்து வருவது அந்த வயதுக் கதைகள்தான்.

அந்தக் கதையை யாரிடம் சொன்னோம் என்பது மட்டும் தனியாக நழுவிவிடுகிறது. 2010இல் வெளியான ஒரு கனடா ஆய்வு இதைச் சோதித்துப் பார்த்தது. எந்தத் தகவலை யாரிடம் சொன்னோம் என்பதை நினைவில் வைப்பதில் இளைஞர்களைவிட முதியவர்கள் பின்தங்கினார்கள். சொல்லி முடித்த விஷயத்தையே “இவரிடம் நான் சொல்லவில்லை” என்று உறுதியாக நம்பவும் செய்தார்கள். தாத்தாவைப் பொறுத்தவரை அன்றிரவு அவர் பேத்திக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். நூறு தடவை என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த விதம்தான் கொடுமை: சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும்.

நம் வீடுகளில் பெரியவர்களிடம் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கும் பழக்கம் குறைவு. சூடாக ஒரு காபி போட்டுக் கொடுப்போம், பிடித்த பலகாரம் வாங்கி வருவோம். அவர்களும் வாங்கிக்கொள்வார்கள். சமாதானம் ஆகிவிட்டது போலத் தெரியும். ஆனால் கதை திரும்பி வராது. காயம் ஆறவில்லை என்பதற்கு அதுதான் அடையாளம்.

பேத்தியும் முதலில் காபியோடுதான் போனாள். “சாரி தாத்தா, அன்னைக்கு ரொம்ப டயர்டு. நீங்களும் அதையே சொல்லவும்...” என்றாள். “ஒண்ணுமில்ல தாயி” என்றார் தாத்தா. அவளுடைய அந்த இரண்டாவது வாக்கியம் குற்றச்சாட்டை மறுபடி அவர் தலையிலேயே வைத்துவிட்டது.

மன்னிப்பின் எந்தப் பகுதி கேட்பவர் மனத்தில் எடுபடுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ராய் லெவிக்கியும் சகாக்களும் 2016இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். “தவறு என்னுடையது” என்று ஏற்பதுதான் முதலிடம் பெற்றது. “மன்னித்துவிடுங்கள்” என்று கேட்பது கடைசி இடத்துக்குப் போனது. அலுவலக வேலை தொடர்பான சூழலை வைத்துச் செய்த ஆய்வுதான். ஆனால் வீட்டுக்கும் பொருந்துகிறது. மன்னிக்கும் வேலையைப் பெரியவரிடம் தள்ளுவதற்கு முன்னால், செய்ததைச் செய்தவரே பெயர் சொல்லி ஒப்புக்கொள்ள வேண்டும்.

மறதி நோய் உள்ளவரிடம் மட்டும் இந்த வழி வேண்டாம். பத்து நிமிடத்துக்குள் அதே கேள்வி திரும்பத் திரும்ப வந்தாலோ, பழகிய தெருவில் வழி தடுமாறினாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் மறந்துபோன சண்டையை நினைவூட்டி மன்னிப்புக் கேட்டால் புதிதாக நோகும். அதற்காக அவர் மறந்துவிட்டார், போகட்டும் என்று இருந்துவிடவும் முடியாது. அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான படக்காட்சிகளைக் காட்டிய அயோவா பல்கலைக்கழக ஆய்வில், பார்த்தது மறந்த பிறகும் அந்த வருத்தம் அரை மணி நேரம்வரை தங்கியிருந்தது. காரணம் தெரியாமல் வாடியிருக்கும் அவர் பக்கத்தில் போய்க் கையைப் பிடித்து உட்கார்ந்தாலே போதும்.

இந்தத் தாத்தாவுக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. ஞாயிறு காலை, வீட்டார் எல்லோரும் கூடத்தில் இருக்கும்போது பேத்தி அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. “அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால உங்கள வெடுக்குன்னு பேசிட்டேன் தாத்தா. தப்பு என் மேலதான்.” அதோடு நிறுத்திக்கொண்டாள். களைப்பைப் பற்றிப் பேசவில்லை.

தாத்தா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “விடு தாயி.”

புயல் கதையை மறுபடி சொல்லுங்கள் என்று கேட்டிருந்தால் அவர் சொல்லியிருக்கமாட்டார். தன்னைச் சமாதானப்படுத்தக் கேட்கிறாள் என்று தெரிந்திருக்கும். அவள் கேட்டது வேறு. இத்தனை தடவை கேட்ட கதையில் ஓர் ஆள் வந்ததே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்திருந்தது.

“அன்னைக்கு ராத்திரி உங்க அம்மா எங்க இருந்தாங்க தாத்தா?”

அவர் கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். “அம்மாவா? ஆட்டுக்குட்டி ரெண்டையும் வீட்டுக்குள்ள தூக்கிட்டு வந்து, கதவுக்கு முதுகைக் குடுத்து உக்காந்திருந்துச்சு. விடியிற வரைக்கும்...”