விற்பனை பாதியாகிற நாளில் எங்கே பார்ப்பது?

இளம்பிள்ளைச் சேலைகளை இணையத்தில் விற்கும் ஒரு சிறு கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான செவ்வாய்க்கிழமையில் அதன் தளத்துக்கு 4,000 பேர் வருகிறார்கள். 80 பேர் வாங்குகிறார்கள். ஆர்டருக்குச் சராசரியாக 1,500 ரூபாய் வீதம் 1,20,000 ரூபாய் சேருகிறது. இந்தச் செவ்வாய் இரவு கணக்கைப் பார்த்தால் 55,200 ரூபாய்தான் வந்திருக்கிறது. மாலை ஏழு மணியிலிருந்து ஒன்பது வரை யுபிஐயில் பணம் போகவில்லை என்று வாடிக்கையாளர்கள் பலர் வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறார்கள்.

காரணம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். யுபிஐ தடைப்படுவது நடக்காத ஒன்றும் அல்ல. 2025 மார்ச் 26-லும் ஏப்ரல் 12-லும் நாடு முழுக்கவே அது தடுமாறியது. ஆனால் இந்தக் கடை இழந்த 64,800 ரூபாயில் யுபிஐயால் போனது கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு வேறு இடத்தில் போயிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காவிட்டால் புதன்கிழமையும் அது போய்க்கொண்டே இருக்கும்.

முதலில், விழுந்தது உண்மைதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். செவ்வாயைத் திங்களோடு ஒப்பிடக் கூடாது; முந்தைய நான்கு செவ்வாய்களோடு ஒப்பிட வேண்டும். சம்பள நாள், பண்டிகை, ஆடித் தள்ளுபடி எல்லாம் கணக்கைப் புரட்டிவிடும். அறிக்கையின் நேர அமைப்பு இந்திய நேரத்தில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். உலகப் பொது நேரத்தில் இருந்தால் அதன் ‘நாள்’ நமக்குக் காலை ஐந்தரைக்குத்தான் தொடங்கும். நாளுக்கு 80 ஆர்டர் வரும் கடையில் ஒரு நாள் 65, இன்னொரு நாள் 95 என்று ஏறி இறங்குவது இயல்பு. 70 வந்த நாளில் காரணம் தேடினால் இல்லாத காரணம்தான் கிடைக்கும். இந்தக் கடைக்கு அன்று வந்தவை 46 ஆர்டர்கள். இது தற்செயலாக விழக்கூடிய அளவல்ல.

ஒரு நாள் வருமானம் என்பது மூன்று எண்களின் பெருக்கல்: வந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் வாங்கியவர்கள் எத்தனை பங்கு, ஓர் ஆர்டரின் சராசரி மதிப்பு என்ன. வருகை குறைந்தால் முதல் எண் விழும். பேமென்ட் கேட்வே நின்றால் இரண்டாவது விழும். விலை தப்பாகக் குறைந்திருந்தால் மூன்றாவது விழும், கூடவே ஆர்டர்கள் பெருகும். விலையில் ஒரு பூஜ்யம் கூடியிருந்தால் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள், கூடையில் போட மாட்டார்கள். ஸ்டாக் தீர்ந்தால் இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தே விழலாம். அதனால் நான்கையும் ஒரே நேரத்தில், ஒரே தாளில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நம் கடையின் எண்களைப் பார்ப்போம். வருகை 3,980. அதாவது ஏறக்குறைய வழக்கம்போல. ஆனாலும் மொத்தத்தை மட்டும் நம்பக் கூடாது. கூகுள் தேடல், விளம்பரம், இன்ஸ்டாகிராம் என்று வழிவாரியாகப் பிரிக்க வேண்டும். ஒரு வழி அடைபட்டு, வாங்கும் எண்ணமே இல்லாத வருகை இன்னொரு வழியில் கூடியிருந்தால் மொத்தம் மாறாமல் இருக்கும். இங்கே எல்லா வழிகளும் வழக்கம்போலவே இருந்தன. வருகைமேல் சந்தேகம் இல்லை.

அடுத்தது, பணம் செலுத்தும் பக்கம். வழக்கமாக 100 பேர் அங்கு வந்து 80 பேர் முடிப்பார்கள். அன்று வந்தவர்களே 75 பேர்தான். முடித்தவர்கள் 46 பேர். இந்த 75 பேரை, எப்படிப் பணம் கட்ட முயன்றார்கள் என்பதை வைத்துப் பிரித்தால் நிலைமை தெளிவாகிறது. கார்டில் 11 பேரில் 8 பேர் முடித்தார்கள். இது வழக்கமான விகிதம். கேஷ் ஆன் டெலிவரி கேட்ட 12 பேருக்கும் ஆர்டர் பதிவானது. யுபிஐயில் முயன்ற 52 பேரில் முடித்தவர்கள் 26 பேர் மட்டுமே; வழக்கமாக இருந்தால் 40 பேர் முடித்திருப்பார்கள். மணிவாரியாகப் பார்த்தால் ஏழிலிருந்து ஒன்பதுக்குள் முயன்ற 18 பேரில் ஒருவருக்குக்கூடப் பணம் போகவில்லை. மற்ற நேரங்களில் எந்தக் குறையும் இல்லை. ஆக, யுபிஐயால் இழந்தது 14 ஆர்டர்கள்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் ஒத்துப்பார்க்க வேண்டும். கேட்வேயின் பட்டியலில் ‘பணம் வந்தது’ என்றிருந்து, கடையின் பட்டியலில் ஆர்டர் இல்லாமல் இருக்கலாம். பணம் வந்த செய்தி தளத்துக்கு வந்து சேராதபோது இப்படி ஆகும். அது இழந்த விற்பனை அல்ல, பதிவாகாத விற்பனை, அன்றைக்கே சரிசெய்துவிடலாம்.

பணப் பக்கத்துக்கே வராமல் போன 25 பேர் இன்னும் மீதி இருக்கிறார்கள். அவர்கள் வந்திருந்தால் 80 சதவீதக் கணக்கில் 20 ஆர்டர்கள் கிடைத்திருக்கும். ஒரு ஆர்டரின் சராசரி மதிப்பும் 1,500-லிருந்து 1,200-க்கு இறங்கியிருக்கிறது. பார்த்தவுடன் விலையைத்தான் சந்தேகிக்கத் தோன்றும்: யாரோ தள்ளுபடியைத் தப்பாகப் போட்டுவிட்டார்கள், அல்லது இரண்டு கூப்பன்கள் ஒன்றாகச் செல்லுபடியாகிவிட்டன என்று. இதைச் சராசரியை வைத்து முடிவு செய்ய முடியாது. விற்ற ஒவ்வொரு சேலைக்கும் வாங்கியவர் உண்மையில் கட்டிய தொகையை விலைப்பட்டியலோடு வைத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததில் எல்லா விலையும் சரியாகவே இருந்தது.

விலை மாறாமலே சராசரி இறங்கியது என்றால், விலை கூடிய சரக்கு விற்கவில்லை என்று பொருள். வழக்கமாக அதிகம் விற்கும் சரக்குகளின் பட்டியலை எடுத்து, அவற்றில் அன்று ஒன்றுகூட விற்காதது எது என்று தேடினால் பதில் வந்துவிடுகிறது. 2,400 ரூபாய் சாஃப்ட் சில்க் சேலை நாளுக்கு இருபது போகும். அன்று ஒன்றுகூடப் போகவில்லை. கிடங்கில் சேலை இருக்கிறது. தளத்தில் ‘ஸ்டாக் இல்லை’ என்று காட்டுகிறது. காலையில் ஏற்றிய எக்செல் கோப்பில் அந்தச் சேலைகளுக்கு எதிரே இருப்பு எண் காலியாக இருந்திருக்கிறது. தளம் அதைப் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. அந்தச் சேலைக்கான விளம்பரமோ ஓடிக்கொண்டே இருந்தது. வருகை குறையாததற்கு அதுதான் காரணம். வாங்க முடியாத பக்கத்துக்கு ஆட்களை அழைத்துவரக் கடை நாள் முழுக்கக் காசு செலவழித்திருக்கிறது.

இனிக் கணக்கை முடிக்கலாம். யுபிஐ: 14 ஆர்டர், தலா 1,200, மொத்தம் 16,800 ரூபாய். ஸ்டாக்: 20 சேலை, தலா 2,400, மொத்தம் 48,000 ரூபாய். இரண்டையும் கூட்டினால் இழந்த 64,800 அப்படியே வருகிறது. நிஜக் கணக்கு இவ்வளவு துல்லியமாகப் பொருந்தாது. சில ஆயிரம் இடிக்கும். பரவாயில்லை. பாதித் தொகைக்கு மேல் கணக்கில் வரவில்லை என்றால் மட்டும், காரணம் இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்று தேடலைத் தொடர வேண்டும்.

நான்கையும் சேர்த்துப் பார்க்க இன்னொரு காரணமும் உண்டு. இவை ஒன்றை ஒன்று தூண்டிவிடும். பணம் கட்டி முடியும்வரை சரக்கை அந்த வாடிக்கையாளர் பெயரில் பிடித்து வைக்கும் தளங்கள் இருக்கின்றன. அவற்றில் கேட்வே தடைப்பட்டால், முடியாத ஆர்டர்கள் சரக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்து வருபவருக்கு ‘ஸ்டாக் இல்லை’ என்று காட்டும். அங்கே ஸ்டாக் குறை வெறும் விளைவு, காரணம் கேட்வே. எது எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்தால் இது தெரிந்துவிடும். நம் கடையில் சேலை காணாமல் போனது காலையில், யுபிஐ நின்றது மாலையில். ஆகவே இரண்டும் தனித்தனிக் கோளாறுகள்.

செய்ய வேண்டிய வேலையும் இந்தக் கணக்கிலிருந்தே வருகிறது. யுபிஐ தானாகவே திரும்பிவிட்டது. பணம் கட்ட முடியாமல் போன 18 பேருக்கும் ஒரு செய்தி அனுப்பினால் சிலர் திரும்பி வருவார்கள். இருப்புக் கோப்பை அன்றிரவே திருத்த வேண்டும். காலியான கட்டத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளாமல் கோப்பையே திருப்பி அனுப்பும்படி தளத்தை மாற்ற வேண்டும். ஸ்டாக் தீர்ந்தால் அந்தச் சரக்கின் விளம்பரமும் தானே நிற்கும்படி செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த புகார் யுபிஐயைப் பற்றித்தான் சொன்னது. சேலை இல்லை என்று திரும்பிப் போனவர்களில் ஒருவரும் புகார் சொல்லவில்லை. அவர்களை எண்களில்தான் தேட வேண்டியிருந்தது.