புது சர்வர், பழைய முகவரி

ஐ.பி. முகவரிகளில் கைபடாதது என்று இப்போது அநேகமாக எதுவும் மிச்சமில்லை. நாம் பரவலாகப் பயன்படுத்தும் ஐ.பி.வி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலகப் பொதுக் கையிருப்பில் இருந்த கடைசித் தொகுதிகளை 2011 பிப்ரவரியில் ஐந்து வட்டாரப் பதிவகங்களும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. அதன்பின் கிளவுட் நிறுவனங்கள் கையில் உள்ளதையே சுழற்றி விடுகின்றன. நீங்கள் இன்று காலை ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தால், அதோடு வரும் முகவரி நேற்று இரவுவரை வேறு யாரிடமோ இருந்திருக்கலாம்.

அந்த வேறு யாரோ யார் என்பதில்தான் சிக்கல். மணிக் கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களை மோசடிக்காரர்கள் விரும்பி எடுப்பார்கள். திருட்டு கார்டில் பணம் கட்டி, ஒரே ராத்திரியில் லட்சக்கணக்கில் ஸ்பாம் மெயில் அனுப்புவார்கள். அல்லது ஊர் உலகத்து சர்வர்களின் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்ப்பார்கள். புகார் வந்ததும் கிளவுட் நிறுவனம் கணக்கை முடக்கும். முகவரி பொதுக் குவியலுக்குத் திரும்பி அடுத்தவருக்குப் போகும். ஆனால் அந்த முகவரியைக் குறித்து வைத்த தடைப் பட்டியல்களுக்கு ஆள் மாறிய செய்தி போகாது. வேறொருவர் விட்ட மொபைல் எண் நமக்கு வந்தால் அவர் கட்டாத கடனுக்கு நம்மை அழைப்பார்களே, அதே நிலைதான். முந்தையவர் மோசடிக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பதுமில்லை. பராமரிக்காமல் விட்ட அவருடைய வேர்ட்பிரஸ் தளத்துக்குள் வேறொருவர் புகுந்திருந்தாலும் முகவரியின் பெயர் கெட்டுப்போயிருக்கும்.

தடைப் பட்டியல் ஒன்றல்ல, பல. மெயில் உலகில் அதிகம் மதிக்கப்படுவது ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பட்டியல்கள். பொதுமக்களும் நிர்வாகிகளும் புகார் பதியும் அப்யூஸ்ஐபிடிபி போன்றவை வேறு வகை. இவை தவிர, பெரிய இணையதளங்களும் அவற்றுக்குக் காவலாக நிற்கும் நிறுவனங்களும் தமக்கென்று மதிப்பெண் வைத்திருக்கின்றன. அவற்றை வெளியிலிருந்து நம்மால் பார்க்க முடியாது. அதனால் ஏதோ ஒரு தளத்தில் முகவரியைத் தட்டிப் பார்த்து, எல்லாம் பச்சை நிறத்தில் வந்ததும் நிம்மதி அடைவது போதாது. வி.பி.என். அமைப்பவருக்கு இது மெயில் அனுப்புபவரைவிட முக்கியம் என்பேன். ஏனென்றால் அலுவலகத்தில் அத்தனை பேரின் இணையப் பயணமும் அந்த ஒரே முகவரி வழியாக வெளியே போகும். அது கெட்ட பெயர் எடுத்திருந்தால் எல்லோருக்கும் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்’ என்ற தொல்லை வரும். சில தளங்கள் கதவையே திறக்காது.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கோவையில் ஒரு சிறிய ஆடிட்டர் அலுவலகம். வீட்டிலிருந்து வேலை செய்யும் ஊழியர்கள் எல்லோரும் ஒரே நிலையான முகவரியில் வெளியே தெரிய வேண்டும். அந்த முகவரியை மட்டுமே வாடிக்கையாளரின் கணக்கு சர்வர் அனுமதிக்கும். அதற்காக மும்பையில் ஒரு கிளவுட் சர்வர் எடுக்கிறார்கள். கிடைத்த முகவரி 203.0.113.45 என்று வைத்துக்கொள்வோம். (உதாரணங்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதி இது, யாருக்கும் சொந்தமில்லை.) வயர்கார்டை நிறுவுவதற்கு முன்னால், ஸ்பாம்ஹவுஸிடம் கேட்க வேண்டும். முகவரியின் நான்கு எண்களையும் பின்னிருந்து முன்னாக எழுதிக் கேட்பது அதன் முறை. அதற்கும் முன்னால் ஒரு சோதனைக் கேள்வி:

```
dig +short 2.0.0.127.zen.spamhaus.org
dig +short 45.113.0.203.zen.spamhaus.org
```

முதல் வரியில் இருப்பது எப்போதும் பட்டியலில் வைக்கப்பட்டிருக்கும் சோதனை முகவரி. அதற்கு 127.0.0.2 போன்ற பதில்கள் வந்தாக வேண்டும். வராமல் 127.255.255.254 என்று வந்தால், கேள்வி கூகுளின் 8.8.8.8 போன்ற ஒரு பொது டி.என்.எஸ். வழியாகப் போயிருக்கிறது, ஸ்பாம்ஹவுஸ் பதில் தர மறுத்திருக்கிறது என்று பொருள். இதைப் பார்த்து முகவரி தடைப்பட்டிருக்கிறது என்று பதறுபவர்கள் நிறையப் பேர். பதிலே வராவிட்டால் இன்னும் ஆபத்து. கேள்வி போய்ச் சேராததையே நல்ல சான்றிதழாக எடுத்துக்கொள்வோம். அப்படியானால் `check.spamhaus.org` தளத்தில் நேரடியாகத் தேடிப் பார்த்துவிடலாம்.

முதல் கேள்விக்குச் சரியான பதில் வந்து, இரண்டாவதற்கு ஒன்றும் வராவிட்டால் முகவரி அந்தப் பட்டியலில் இல்லை. வந்தால் கடைசி எண்ணைப் பாருங்கள். 2, 3 என்றால் ஸ்பாம் அனுப்பியதற்கான பதிவு. 4 என்றால் தீம்பொருள் புகுந்த கணினியாகக் கண்டறியப்பட்டிருக்கிறது. 9 வந்தால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள். அந்தத் தொகுதியையே பல நெட்வொர்க்குகள் வாசலில் நிறுத்தும். ஒரு வாடிக்கையாளரால் அதைச் சரிசெய்ய முடியாது. 10, 11 வந்தால் கவலை வேண்டாம். இந்த முகவரியிலிருந்து நேரடியாக மெயில் வரக்கூடாது என்ற கொள்கைக் குறிப்பு மட்டுமே அது, வி.பி.என். வேலைக்கு இடைஞ்சல் இல்லை.

பட்டியல் சொல்லாததை நேரில் பார்த்துவிடுவதுதான் எனக்கு அதிகம் பிடித்த சோதனை. வி.பி.என். எதுவும் நிறுவ வேண்டாம். சர்வருக்குள் நுழைய எப்படியும் எஸ்.எஸ்.எச். இருக்கிறது, அதையே தற்காலிகச் சுரங்கப்பாதையாக்கலாம்.

```
ssh -N -D 1080 root@203.0.113.45
```

பிரவுசரின் பிராக்ஸி அமைப்பில் சாக்ஸ்5 என்பதைத் தேர்ந்து, `127.0.0.1`, போர்ட் `1080` என்று கொடுத்தால், நாளை வி.பி.என். வழியாக எந்த முகவரியில் வெளியே தெரியப் போகிறீர்களோ அதே முகவரியில் இப்போதே தெரிவீர்கள். அந்த அலுவலகம் தினமும் திறக்கும் தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்: வங்கி, வருமான வரி, ஜி.எஸ்.டி., மெயில், கூகுள் தேடல். இங்கே இன்னொரு விஷயமும் வெளிப்படும். முகவரித் தொகுதிகள் நாடு விட்டு நாடு கைமாறுவதுண்டு. சர்வர் மும்பையில் இருந்தாலும், பழைய இருப்பிடத் தரவை வைத்திருக்கும் தளங்களுக்கு அது வெளிநாடாகத் தெரியலாம். வெளிநாட்டு முகவரிகளை நம் அரசுத் தளங்கள் பலவும் அனுமதிப்பதில்லை. அப்போது பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். அது தடைப் பட்டியலின் வேலை அல்ல என்பதால் எந்தப் பட்டியலிலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

மாற்றி எடுத்தும் தீராத தடைகளும் உண்டு. திரைப்படத் தளங்கள் பல, கிளவுட் நிறுவனங்களின் தொகுதிகளை மொத்தமாகவே மறுக்கின்றன. முகவரியின் பழைய வரலாறு அங்கே கணக்கில் வராது. அடுத்த முகவரியும் அதே கதிதான். ஒரு தளம் மட்டும் மறுத்து மற்றதெல்லாம் திறந்தால் பெரும்பாலும் காரணம் இதுவாக இருக்கும்.

முகவரி மோசம் என்று தெரிந்துவிட்டால் பெயர் நீக்கக் கோரி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. ஸ்பாம்ஹவுஸ் நீக்குவதற்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் அவர்கள் நீக்கினாலும் மற்றவர்கள் நீக்கியிருப்பார்கள் என்பதில்லை. காசு கொடுத்தால் உடனே நீக்குகிறோம் என்று சொல்லும் பட்டியல்களுக்கு ஒரு ரூபாயும் தராதீர்கள். வேறு சர்வர் எடுப்பதே சுலபம், சில மணி நேர வாடகையோடு முடிந்துவிடும். அதில் ஒரு நுணுக்கம்: பழையதை அழித்துவிட்டுப் புதியதை எடுத்தால் அதே முகவரி திரும்பவும் உங்கள் கைக்கே வரலாம். பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதை எடுங்கள், அதைச் சோதியுங்கள், பிறகு முதலாவதை அழியுங்கள். மூன்று நான்கு முறை எடுத்தும் மோசமாகவே வந்தால் அந்த நிறுவனத்தின் தொகுதி முழுவதும் கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். வேறு நிறுவனமோ வேறு நகரமோ பார்ப்பது நல்லது.

தானாக வந்த முகவரியைப் பிறகு நிலையானதாக மாற்ற எல்லா நிறுவனங்களும் விடுவதில்லை என்பதால், சோதிக்கும் முன்பே சர்வருக்கு ஒரு நிலையான முகவரியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அமேசான் கிளவுட் போன்ற இடங்களில் சர்வரை நிறுத்தி மீண்டும் இயக்கினாலே தானாக வந்த முகவரி போய் வேறொன்று வந்துவிடும். சோதனையெல்லாம் முதலிலிருந்து தொடங்கும். ஊழியர்களின் வயர்கார்டு கோப்பில் `Endpoint` வரியையும், வாடிக்கையாளரின் அனுமதிப் பட்டியலையும் திருத்த வேண்டியிருக்கும்.