மஞ்சள் சிவக்கும்போது யார் கற்கிறார்? ஓர் ஆய்வேட்டின் திரைமறைவு

கல்வியியல் ஆய்வேட்டைக் கையில் எடுப்பவர்கள் வேகமாகப் புரட்டிவிடும் அத்தியாயம் ஒன்று உண்டு. கோட்பாட்டுச் சட்டகம். பியாஜேவுக்கு ஒரு பக்கம், வைகாட்ஸ்கிக்கு ஒரு பக்கம், புரூனருக்கு அரைப் பக்கம், கடைசியில் அம்புக்குறிகளோடு ஒரு படம். வாங்க, இன்று அந்தப் படத்துக்குப் பின்னால் நுழைந்து பார்ப்போம். ஆய்வேட்டின் முழு விறுவிறுப்பும் அங்கேதான் ஒளிந்திருக்கிறது, நம்புங்கள்!

களத்தை நாமகிரிப்பேட்டையில் வைத்துக்கொள்வோம். மஞ்சள் ஏலத்துக்குப் பேர்போன ஊர். விரலி எது, கிழங்கு எது என்று இங்குள்ள பிள்ளைகளுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இந்த வட்டாரத்துப் பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்காக ஒரு பி.எட். மாணவி வருகிறார். தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு ஆண்டுப் படிப்பாகி, பள்ளிக்களத்தில் மட்டும் 20 வாரங்கள் இருக்க வேண்டும் என்றானது. ஆக, பார்ப்பதற்கு நிறையவே இருக்கிறது. எட்டாம் வகுப்பு, அமிலங்களும் காரங்களும். ஆய்வாளர் பின்பெஞ்சில் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார். இது நான் கட்டிக்கொண்ட எடுத்துக்காட்டுதான். ஆனால் இதில் நடப்பதெல்லாம் வகுப்பறைகளில் அன்றாடம் நடக்கக்கூடியவை.

மஞ்சள் கரைசலில் நனைத்துக் காயவைத்த தாள் துண்டுகள் மேசையில் இருக்கின்றன. சுண்ணாம்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டதும் தாள் செக்கச்செவேல் என்று மாறுகிறது. பிள்ளைகளுக்கு இது பெரிய அதிசயமில்லை. கல்யாண வீட்டு ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். அடுத்து சலவை சோடா. அதுவும் சிவக்கிறது. "ஏன்?" என்று கேட்டால் ஒரு பிள்ளை பளிச்சென்று சொல்கிறது: "வெள்ளையா இருக்கறது எது பட்டாலும் மஞ்சள் செவந்துரும், டீச்சர்."

அடடா, இந்தப் பதில் எவ்வளவு அருமையானது! தவறுதான். ஆனால் கையில் இருக்கும் இரண்டு சான்றுகளுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிற தவறு. இப்போது பயிற்சி ஆசிரியைக்கு இரண்டு வழிகள். "தப்பு, இதெல்லாம் காரம், எழுதிக்கோங்க" என்று கரும்பலகைக்குத் திரும்பலாம். இல்லையென்றால், பேசாமல் உப்புத் தண்ணீரை எடுத்து நீட்டலாம். உப்பும் வெள்ளைதான். தாள் சிவக்காது.

உப்பு தோற்ற அந்த நொடியில் ஆய்வாளரின் பேனா எதை எழுத வேண்டும்? இதைத் தீர்மானிப்பதுதான் சட்டகத்தின் வேலை. பியாஜேவின் கண்ணாடியைப் போட்டவர் அந்தப் பிள்ளையையே பார்த்துக்கொண்டிருப்பார். மனத்தில் இருந்த விதி குலைந்துவிட்டது. சமநிலை போய்விட்டது. பிள்ளை விதியைக் கைவிடுகிறதா, அல்லது "உப்பு தண்ணில கரைஞ்சு வெள்ளை போயிருச்சு, அதான்" என்று ஒட்டுப்போடுகிறதா? வைகாட்ஸ்கியின் கண்ணாடியைப் போட்டவருக்குப் பேச்சு வேண்டும். பக்கத்துப் பிள்ளை "சலவை சோடாவும் கரைஞ்சுதானே போச்சு?" என்று மடக்கியதா? ஆசிரியை எவ்வளவு உதவினார், எப்போது கையை எடுத்துக்கொண்டார்? முதலாமவருக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் தனியாகக் கேட்டு எழுதிய பதில்கள் போதும். இரண்டாமவருக்கு ஒலிப்பதிவு இல்லாமல் வேலை நடக்காது. இரண்டு பெயரையும் அடுத்தடுத்த பக்கத்தில் எழுதிவிட்டு ஒரே கருத்தறியும் படிவத்தோடு களத்துக்குப் போகும் ஆய்வு, இந்த இரண்டில் எதையும் பிடிக்காது.

இங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் அடுத்துத்தான் எனக்குப் புல்லரிக்கும் இடம் வருகிறது. இது ஆசிரியர் கல்வி ஆய்வேடு! ஆய்வின் நாயகி அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை இல்லை, பயிற்சி ஆசிரியைதான். அப்படியானால் சட்டகம் சொல்ல வேண்டியது, அவர் மனத்தில் அறிவு எப்படிக் கட்டப்படுகிறது என்பதை. கட்டமைப்புவாதம் பேசும் அத்தியாயங்கள் மிகச் சுலபமாக வழுக்குவது இந்த இடத்தில்தான்: அத்தியாயம் முழுக்கக் குழந்தை எப்படிக் கற்கிறது என்று இருக்கும், தரவு முழுக்க ஆசிரியர்களிடமிருந்து வரும், நடுவே பாலம் இருக்காது.

பாலம் போட ஒரு நல்ல கல் இருக்கிறது. டான் லார்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1975இல் எழுதிய நூலில், ஆசிரியப் பயிற்சிக்கு வருபவர் வெறுங்கையோடு வருவதில்லை என்றார். பள்ளியை முடிப்பதற்குள் சுமார் 13,000 மணி நேரம் ஆசிரியர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாரே! கற்பித்தல் என்றால் என்ன என்பது அவருக்குள் ஏற்கெனவே கட்டி முடிக்கப்பட்டிருக்கிறது: நன்றாக விளக்கிச் சொன்னால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். பிள்ளைக்கு "வெள்ளை பட்டால் சிவக்கும்" எப்படியோ, ஆசிரியைக்கு இது அப்படி. இவருக்கும் கையிலிருக்கும் சான்றுகளோடெல்லாம் பொருந்தும் விதிதான். அவருக்கு அப்படிச் சொல்லித்தந்துதானே புரிந்தது?

அப்படியானால் அவருக்கான உப்புத் தண்ணீர் எது? முதல் வாரத்தில் அழகாக விளக்குகிறார். "புரிஞ்சுதா?" என்கிறார். "புரிஞ்சுது டீச்சர்" என்று வகுப்பே கோரஸ் பாடுகிறது. மறுநாள் சர்க்கரைத் தண்ணீரைக் காட்டி, இதில் மஞ்சள் தாள் என்ன ஆகும் என்று கேட்கிறார். பாதி வகுப்பு "செவக்கும்" என்கிறது. காரத்தின் இலக்கணத்தை நோட்டில் பிசகில்லாமல் எழுதியிருக்கும் அதே பிள்ளைகள்! அன்று மாலை நாட்குறிப்பில் அவர் என்ன எழுதுகிறார் என்பதுதான் ஆய்வின் உயிர். "பிள்ளைகள் கவனிக்கவில்லை" என்று எழுதினால், அது "உப்பு கரைஞ்சிருச்சு" என்பதன் மறுபதிப்பேதான். விதி பிழைத்துவிட்டது, ஒட்டு மட்டும் விழுந்திருக்கிறது. "நான் சொன்னது அவர்கள் மனத்தில் இருந்ததைத் தொடவே இல்லையோ?" என்று எழுதினால் விதி ஆட்டம் காண ஆரம்பித்துவிட்டது.

இதற்கு முறையான கோட்பாடும் உண்டு. போஸ்னரும் அவருடன் ஸ்ட்ரைக், ஹியூசன், கெர்ட்சாக் ஆகியோரும் 1982இல் சொன்னது: பழைய கருத்து மாற நான்கு நிபந்தனைகள் வேண்டும். பழையதில் அதிருப்தி வர வேண்டும். புதியது புரியும்படி இருக்க வேண்டும். நம்பும்படி இருக்க வேண்டும். இனி வரும் வேலைக்கும் பயன்படும் என்று தெரிய வேண்டும். அறிவியல் கருத்துகளுக்காகச் சொல்லப்பட்ட இதைப் பயிற்சி ஆசிரியையின் நாட்குறிப்புக்குப் பொருத்திப் பார்த்தால் சட்டகம் சட்டென்று கருவியாகிவிடுகிறது! ஒவ்வொரு வாரக் குறிப்பையும் மூன்று வகையாகக் குறிக்கலாம்: விதி அசையவில்லை, ஒட்டு விழுந்தது, விதி மாறியது. கூடவே முதல் வாரப் பாடத்திட்டத்தையும் கடைசி வாரப் பாடத்திட்டத்தையும் அருகருகே வைத்து, பிள்ளையின் பதிலுக்கு இடம்விட்ட வரிகளைத் தேடலாம்.

அத்தியாயம் வேலை செய்கிறதா என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டதாக நினைத்துக்கொண்டு கருவிகளைப் பாருங்கள். ஒரு கேள்விகூட மாறாமல் அப்படியே நிற்கிறதா? அப்படியானால் சட்டகம் அலங்காரம். முன்னால் கட்டமைப்புவாதம், பின்னால் "ஆண்–பெண், கிராமம்–நகரம்" என்று பிரித்த மனப்பான்மை அளவுகோலும் டி-சோதனையும் வந்தால், இரண்டு பகுதிகளும் ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை என்று அர்த்தம்.

இனி, தமிழ்நாட்டு ஆய்வாளர்களுக்கென்றே காத்திருக்கும் பொக்கிஷம்! 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 13இல் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது செயல்வழிக் கற்றல். ரிஷி வேலியின் அட்டை முறையிலிருந்து பிறந்தது. பாயில் வட்டமாக உட்கார்ந்த பிள்ளைகள், அவர்கள் உயரத்துக்குச் சுவரைச் சுற்றிக் கீழ்மட்டக் கரும்பலகை, கற்றல் ஏணி. அந்த ஏணியின் அட்டைகள் பிள்ளையை ஆறு குழுக்கள் வழியாக அனுப்பின: முழுக்க ஆசிரியர் உதவி, பாதி ஆசிரியர் உதவி, முழுக்கச் சகமாணவர் உதவி, பாதி சகமாணவர் உதவி, தானே செய்தல், மதிப்பீடு. உதவி படிப்படியாகக் குறைவதைப் பாருங்கள்! அண்மை வளர்ச்சி மண்டலம் பற்றிப் பத்துப் பக்கம் எழுதுவதைவிட இந்த ஆறு குழுக்களை வரைந்து காட்டுவது மேல். இன்று பி.எட். படிப்பவர்களில் பலர் சிறுபிள்ளையாக அந்தப் பாய்களில் உட்கார்ந்தவர்களாகவே இருக்கலாம். லார்டியின் 13,000 மணி நேரத்தில் அவர்களுக்கு ஒரு பங்கு இப்படிக் கழிந்திருக்கும். பிறகு உயர்நிலைப் பள்ளியில் மீண்டும் விரிவுரை. எது ஆழமாகப் பதிந்தது? இது வேறெந்த நாட்டு நூலிலும் கிடைக்காத, இங்கே மட்டும் கேட்கக்கூடிய கேள்வி.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். உதவியைக் குறைத்துக்கொண்டே போவதற்குச் 'சாரக்கட்டு' என்று பெயரிட்டவர் வைகாட்ஸ்கி இல்லை. அவர் 1934இலேயே காலமாகிவிட்டார். வுட், புரூனர், ராஸ் மூவரும் 1976இல், மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகள் மரத்துண்டுகளை அடுக்கிப் பிரமிடு கட்டுவதைப் பார்த்து எழுதிய கட்டுரையில் வந்த சொல் அது. வைவாவில் இந்த முடிச்சை அவிழ்க்கச் சொன்னால் திணறக் கூடாது.

வைவாவில் வர வேண்டிய கேள்வி இன்னொன்றும் உண்டு: எந்தத் தரவு வந்தால் உங்கள் சட்டகம் தோற்கும்? நம் எடுத்துக்காட்டில் பதில் தயார். நாட்குறிப்பில் அதிருப்தி பொங்கி வழிகிறது, மாற்று வழியும் புரிந்திருக்கிறது, ஆனாலும் இருபதாவது வாரத்திலும் பாடம் விரிவுரையாகவே நடக்கிறது என்றால், மனமாற்றக் கோட்பாடு மட்டும் போதவில்லை. அப்போது வகுப்பில் எத்தனை பிள்ளைகள், தேர்வுக்கு எத்தனை நாள், வழிகாட்டி ஆசிரியர் "மொதல்ல போர்ஷனை முடிங்க" என்றாரா என்று பார்க்க வேண்டியிருக்கும். மார்க் விண்ட்ஷிட்டில் 2002இல் இதற்கென்றே ஒரு வரைபடம் தந்தார்: கட்டமைப்புவாதத்தை வகுப்புக்குள் கொண்டுபோகும் ஆசிரியர் கருத்து, கற்பித்தல், பண்பாடு, அரசியல் என நான்கு வகைத் தவிப்புகளைச் சந்திக்கிறார் என்று. நாட்குறிப்புக்கான குறியீட்டுத் தாளில் நான்காவதாக ஒரு வகை சேர்கிறது: விதி மாறியது, வகுப்பு மாறவிடவில்லை.