சனிக்கிழமை ஐந்தரைக்கு வரலாமா மேடம்?

வங்கியில் பதவி உயர்வு நேர்காணலுக்குத் தேதி அறிவித்ததும் மூத்த அதிகாரிகளின் கைபேசிக்கு ஒரே மாதிரி செய்திகள் வரத் தொடங்கும். "மேடம், 27-ம் தேதி இன்டர்வியூ. கொஞ்சம் கைட் பண்ணுங்க." பதிலும் ஒரே மாதிரிதான்: "அதுக்கென்ன, பண்ணிடலாம்பா." பேச்சு அதோடு நின்றுவிடும். மேடத்துக்கு மனமில்லை என்பதல்ல. என்றைக்கு, எவ்வளவு நேரம், எதைப் பற்றி என்று எல்லாவற்றையும் அவரே யோசிக்க வேண்டியிருக்கிறது. கடன் கோப்புகளுக்கு நடுவில் அந்த யோசனை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும்.

சிறுதொழில் கடன் பிரிவில் இருக்கும் ஓர் உதவி மேலாளரை எடுத்துக்கொள்வோம். அவர் இப்படி எழுதுகிறார்:

"வணக்கம் மேடம். 27-ம் தேதி திங்கட்கிழமை எனக்கு புரமோஷன் இன்டர்வியூ. 18-ம் தேதி சனிக்கிழமை மாலை 5.30 முதல் 6.10 வரை ஒரு மாக் இன்டர்வியூ எடுக்க முடியுமா? நானே உங்கள் கிளைக்கு வந்துவிடுகிறேன். நடைமுறை மூலதனக் கடன் பற்றி மட்டும் கேட்டால் போதும். கணக்கு சரியாகப் போடுகிறேன், குறுக்குக் கேள்வி வந்தால் தடுமாறுகிறேன். அன்று தோதுப்படாவிட்டால் 21-ம் தேதி செவ்வாய் அதே நேரம் வரட்டுமா?"

இதற்குச் 'சரி' என்ற ஒரு சொல் போதும். நாளையும் அவர் யோசித்தே தேர்ந்திருக்கிறார். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகள் வங்கிக்கு விடுமுறை. 18-ம் தேதி மூன்றாவது சனி, மேடம் கிளையில் இருப்பார். மாதக் கடைசி நெருக்கடியும் இல்லை. முக்கியமாக, நேர்காணலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முந்தைய நாள் பயிற்சி எடுத்தால் குறை தெரியவரும், திருத்த நேரம் இருக்காது, பயம்தான் மிஞ்சும்.

யாரிடம் கேட்பது என்பதிலும் கவனம் வேண்டும். நேர்காணல் குழுவில் அமரக்கூடியவரையும், தனக்கு ஆண்டு மதிப்பீடு எழுதுபவரையும் தவிர்ப்பது நல்லது. அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. வேறு கிளையில், அதே பிரிவில் வேலை பார்த்த மூத்தவர் பொருத்தமானவர்.

தலைப்பைச் சுருக்கியதால் என்ன கிடைத்தது? மேடம் கேட்ட முதல் கேள்வி: "ஒரு பார்ட்டி அடுத்த வருஷம் 2 கோடி விற்றுமுதல் வரும்னு சொல்லி 60 லட்சம் லிமிட் கேட்கிறார். என்ன பண்ணுவீங்க?" சிறு நிறுவனங்களுக்கான விற்றுமுதல் முறைப்படி, எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் நடைமுறை மூலதனத் தேவை. அதில் 20 சதவீதத்தை வங்கி கொடுக்கும்; மீதி 5 சதவீதம் தொழில் நடத்துபவரின் பங்கு. நம்மவர் உடனே சொன்னார்: "வங்கி 40 லட்சம், அவர் பங்கு 10 லட்சம் மேடம்."

கணக்கு சரி. அடுத்த கேள்வி வந்தது: "போன வருஷ விற்பனை 1 கோடியே 20 லட்சம்தான். இந்த 2 கோடியை எப்படி நம்புறீங்க?" அங்கே தடுமாற்றம். ஜிஎஸ்டி ரிட்டன் பார்ப்பேன் என்றார், கணக்கில் வரவு பார்ப்பேன் என்றார். கொடுப்பாரா மாட்டாரா என்பதை மட்டும் சொல்லவில்லை. மேடம் பிடித்த குறை அதுதான். "எதையெதைப் பார்ப்பேன்னு பட்டியல் போடுறீங்க. முடிவு சொல்லுங்க. கையில் ஆர்டர் இருக்கா, புது மெஷின் வந்திருக்கா? இல்லைன்னா நம்பத்தக்க விற்பனை 1 கோடியே 50 லட்சம், அதுக்கு 30 லட்சம்தான்னு சொல்லி நில்லுங்க." வங்கி, சட்டம், பொருளாதாரம் என்று எல்லாவற்றையும் தொட்டுப்போகும் பயிற்சியில் இரண்டாவது கேள்விக்கே இடம் இருந்திருக்காது.

நாற்பது நிமிடத்தையும் முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும்: இருபது நிமிடம் கேள்வி, பதினைந்து நிமிடம் திருத்தம், ஐந்து நிமிடம் தடுமாறிய கேள்விக்கே மறுபடி பதில். கேள்வி நேரத்தில் திருத்த வேண்டாம், குறித்து மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று பணிவாகச் சொல்லிவிடலாம். சொல்லாவிட்டால் பெரும்பாலும் நடப்பது இது: முதல் பதில் பிசகியதும் மூத்தவர் விளக்க ஆரம்பிப்பார், விளக்கம் அவருடைய அந்தக் காலக் கிளை அனுபவத்தில் போய் நிற்கும். சுவையாகத்தான் இருக்கும். ஆனால் வெளியே வரும்போது, யார் அதிகம் பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள். அவர் என்றால் அன்று நடந்தது வகுப்பு.

திருத்தம் சொல்லும்போது நம் பதிலுக்கு வக்காலத்து வாங்குவது இன்னொரு தவறு. இரண்டு முறை "இல்ல மேடம், நான் சொல்ல வந்தது..." என்றால் மூன்றாவது குறையை அவர் சொல்லமாட்டார். எழுதிக்கொண்டு நன்றி சொல்லிப் புறப்பட்ட நம்மவர், 21-ம் தேதி ஒரு வரி அனுப்பினார்: "மேடம், இப்போ முடிவை முதல் வாக்கியத்தில் சொல்லிப் பழகுறேன்."