ஒரே முகூர்த்தம், மூன்று நிறம்

கல்யாண வீடியோவில் தாலி கட்டும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். எதிரே நின்ற கேமராவில் மாப்பிள்ளையின் முகம் இயல்பாக இருக்கும். பக்கவாட்டுக் கேமராவுக்கு மாறியதும் மஞ்சளடிக்கும். நடுவே மாமா பையன் போனில் எடுத்த துண்டு வந்தால் முகம் வெளிறிப்போய், புடவைச் சிவப்பு மட்டும் கண்ணைக் குத்தும். மஞ்சள் பல்பு, வீடியோக்காரரின் எல்இடி விளக்கு, வாசல் வழியே வரும் வெயில் மூன்றும் கலந்த மண்டபத்தில், எது வெள்ளை என்பதை ஒவ்வொரு கேமராவும் தன் போக்கில் ஊகித்துக்கொள்வதுதான் காரணம்.

இதைச் சரிசெய்ய, முதலில் ஒரு ஷாட்டை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும். மணமக்கள் இருவரும் தெளிவாகத் தெரியும், வெளிச்சம் சீரான ஷாட் போதும். முதலில் அதைத் திருத்திவிட்டு, மற்றவற்றை அதற்கு ஈடாகக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு ஷாட்டையும் தனித்தனியே 'அழகாக' ஆக்கப் போனால் எதுவும் எதோடும் ஒட்டாது.

கண்ணை மட்டும் நம்பவும் முடியாது. மஞ்சளான படத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் கண் அதற்குப் பழகிவிடும். அதனால்தான் டாவின்சி ரிசால்வ் போன்ற மென்பொருள்களில் Parade என்ற வரைபடம் இருக்கிறது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அதில் தனித்தனிக் கட்டமாகத் தெரியும். படத்தின் இருட்டான பகுதி அடியிலும் வெளிச்சமான பகுதி மேலேயும் நிற்கும். வெள்ளைத் துணி இருக்கும் இடத்தில் மூன்றும் ஒரே உயரத்தில் நின்றால் அது வெள்ளை. நீலம் மட்டும் தாழ்ந்திருந்தால் படம் மஞ்சளடிக்கிறது.

எந்த வெள்ளை என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெள்ளையல்ல, சந்தன நிறம். அதை வெள்ளையாக்கினால் படம் முழுக்க நீலம் பாயும். பக்கத்தில் நிற்கும் பெரியவரின் பருத்தி வேட்டியோ சட்டையோ நல்ல அடையாளம்.

இப்போது பக்கவாட்டுக் கேமராவின் ஷாட்டை எடுத்துக்கொள்வோம். இரண்டு கேமராவிலும் ஒரே நொடியை நிறுத்தி, அளவுகோல் ஷாட்டைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளிச்சம், பிறகுதான் நிறம். வெளிச்சத்தைக் கூட்டும்போது மூன்று நிறங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசமும் சேர்ந்தே பெருகும் என்பதால், நிறத்தை முதலில் திருத்தினால் அந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டிவரும். தலைமுடியின் கருமை அளவுகோல் ஷாட்டில் எங்கே நிற்கிறதோ, அந்த உயரத்துக்கு Lift சக்கரத்தால் கொண்டுவாருங்கள். பெரியவரின் வேட்டியை Gain சக்கரத்தால் பொருத்துங்கள். ஒன்றைத் திருப்பினால் மற்றது கொஞ்சம் நகரும். இரண்டு மூன்று தடவை மாறி மாறித் தொட வேண்டியிருக்கும். பிறகு அதே Gain-இல் நீலத்தை மட்டும் உயர்த்தி, வேட்டியின் மூன்று உயரங்களையும் அளவுகோல் ஷாட்டில் உள்ளபடி ஆக்குங்கள். கடைசியாக முகத்தின் வெளிச்சத்தை Gamma-வால் சரிசெய்யலாம்.

அடுத்து முகத்தின் நிறம். வெக்டர்ஸ்கோப் என்ற வட்ட வரைபடத்தில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு. கறுப்போ சிவப்போ, மனிதத் தோல் பெரும்பாலும் அந்தக் கோட்டை ஒட்டியே விழும். ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவது வெளிச்ச அளவுதான். ஆகவே முகத்தை 'வெளுக்க' வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் மணப்பெண்ணின் முகத்தில் மஞ்சள் பூசியிருப்பார்கள், கூரைப்புடவையின் சிவப்பு தாடையில் தெறிக்கும். அவர் முகம் கோட்டிலிருந்து விலகுவது சரியே. சரிபார்க்க, பின்னால் நிற்கும் உறவினர் முகத்தைப் பாருங்கள்.

போன் ஷாட்டில் நிறச்செறிவையும் கான்ட்ராஸ்டையும் குறைத்தாலே பாதி தூரம் வந்துவிடும். அது எச்டிஆரில் பதிவாகியிருந்தால் முதலில் சாதாரண வீடியோவின் நிற அமைப்புக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் எந்தச் சக்கரத்தைத் திருப்பினாலும் படம் ஒழுங்குக்கு வராது.

சில ஷாட்களைக் காப்பாற்ற முடியாது. வேட்டியின் மடிப்புகள் தெரியாமல், வரைபடத்தின் உச்சியில் தட்டையான கோடாக நின்றால் அங்கே விவரமே பதிவாகவில்லை. இறக்கினால் சாம்பல் திட்டுதான் மிஞ்சும். ஒரு கன்னத்தில் மஞ்சள் பல்பு, மறு கன்னத்தில் வெயில் என்றால் ஒரே திருத்தம் இரண்டுக்கும் பொருந்தாது. முகத்தின் ஒரு பக்கத்தை மட்டும் மாஸ்க் போட்டுத் தனியே திருத்த வேண்டும். இன்னொரு தொல்லை, ஆட்டோ ஒயிட் பேலன்ஸ். விளக்கு மாறும்போது ஒரே ஷாட்டுக்குள்ளேயே நிறம் மெல்ல நகரும், அதைக் கீஃபிரேம் வைத்துத் துரத்த வேண்டியிருக்கும். படப்பிடிப்புக்கு முன்பே ஆட்டோவை அணைத்துவிட்டு, எல்லாக் கேமராவிலும் ஒரே கெல்வின் எண்ணை வைத்தால் இந்தத் துரத்தல் மிச்சம். மேடையில் மஞ்சள் விளக்கே அதிகம் என்றால் 3200-ஐ ஒட்டியும், வெயில் நிறைந்த திறந்தவெளி என்றால் 5600-ஐ ஒட்டியும் வைக்கலாம்.