யாருக்கு எப்போது போன் செய்ய வேண்டும்? எக்ஸெல் ஷீட் சொல்லும்

கொடைக்கானலில் என் அக்கா ஒரு சின்ன கடை வைத்திருக்கிறார். வீட்டிலேயே செய்த சாக்லேட், யூகலிப்டஸ் தைலம், மலைப்பூண்டு இவைதான் சரக்கு. சீசனுக்கு வந்து வாங்கிச் சென்றவர்கள் ஊருக்குப் போன பிறகும் போன் செய்து பார்சல் கேட்பார்கள். 2019-ல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, "ஒரிஜினல் மலைப்பூண்டுதானே?" என்று விசாரித்து வாங்குபவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இவ்வளவு பேரின் விவரமும் ஒரு நீள நோட்டில் இருந்தது. அந்த நோட்டில் இல்லாத விவரமே இல்லை. ஆனால் தேவையான நேரத்தில் தேவையான பக்கம் மட்டும் கண்ணில் படாது. திண்டுக்கல்லில் ஓர் ஆசிரியை, மகளின் பிறந்தநாளுக்கு நான்கு வருடங்களாக இரண்டு கிலோ சாக்லேட் வாங்கி வந்தார். 2024 மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அக்கா அதை அடியோடு மறந்துவிட்டார். பிறந்தநாள் முடிந்து இரண்டு நாள் கழித்து அவரே போன் செய்தார். "நீங்களே கூப்பிடுவீங்கன்னு இருந்துட்டேன்க்கா. பாப்பா கேட்டுக்கிட்டே இருந்தா." கோபமாகச் சொல்லியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். அன்று இரவு எனக்குப் போன் வந்தது. "தம்பி, அந்தக் கம்ப்யூட்டர்ல ஏதாவது பண்ண முடியுமாடா?"

முடியும். இதற்கென்று தனி சாப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம். எக்ஸெல் இருந்தால் போதும். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கீழே உள்ள பார்முலாக்கள் இரண்டிலும் வேலை செய்யும்.

புதிய ஒர்க் ஷீட் ஒன்றைத் திறந்து, முதல் படுக்கை வரிசையில் A முதல் L வரை இந்தத் தலைப்புகளைக் கொடுங்கள்: பெயர், போன், ஊர், பிறந்தநாள், கடைசி ஆர்டர் தேதி, என்ன வாங்கினார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, அவர் சொன்ன நாள், அடுத்த ஆர்டர், பிறந்தநாள் அழைப்பு, பேச வேண்டிய நாள், குறிப்பு. முதல் எட்டும் கடைசியில் உள்ள குறிப்பும் நாம் டைப் செய்ய வேண்டியவை. நடுவில் உள்ள மூன்றையும் எக்ஸெல் தானே கணக்கிட்டுக்கொள்ளும்.

விவரங்களை டைப் செய்யத் தொடங்கும் முன் இரண்டு வேலைகளை முடித்துவிட வேண்டும். இதைச் செய்யாததால் நாங்கள் அறுபது பேரின் விவரத்தை இரண்டு முறை டைப் செய்தோம்.

முதலாவது, போன் நம்பர். எக்ஸெல் இதை ஒரு தொகையாகவே பார்க்கும். 0452 என்று தொடங்கும் மதுரை நம்பரில் முன்னால் உள்ள பூஜ்யத்தை எடுத்துவிடும். 91 சேர்த்து 12 இலக்கமாக மொபைல் நம்பரைக் கொடுத்தால் 9.19E+11 என்பது போல விநோதமாகக் காட்டும். எனவே B என்ற எழுத்தின் மீது கிளிக் செய்து நெட்டு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, Ctrl+1 அழுத்தி, Number டேபில் Text என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். நம்பர்களை அதன் பிறகுதான் டைப் செய்ய வேண்டும். டைப் செய்த பின் மாற்றினால் போன பூஜ்யம் திரும்பி வராது.

இரண்டாவது, தேதி. இதில் வரும் தவறு வெளியே தெரியாது என்பதால் ஆபத்து அதிகம். உங்கள் விண்டோஸ் அமெரிக்க முறைக்கு செட் செய்யப்பட்டிருந்தால், ஜூன் 5 என்று நினைத்து நீங்கள் 05/06/2025 என்று டைப் செய்வது மே 6 ஆகப் பதிவாகும். 25/06/2025 என்று கொடுத்தால் 25-வது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். இதை எப்படிக் கண்டுபிடிப்பது? உண்மையான தேதி செல்லின் வலது ஓரத்தில் நிற்கும். எழுத்தாகிப் போனது இடது ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரே வரிசையில் சில தேதிகள் வலதிலும் சில இடதிலும் இருந்தால் அங்கே கோளாறு என்று பொருள். கண்ட்ரோல் பேனலில் Region பகுதிக்குச் சென்று English (India) என மாற்றுங்கள். பிறகு D, E, H, I, J, K ஆகிய நெட்டு வரிசைகளுக்கு Ctrl+1 மூலம் Custom பிரிவில் dd-mmm-yyyy என்று கொடுங்கள். மாதம் எழுத்தில் தெரிவதால் மே, ஜூன் குழப்பம் வராது.

இப்போது பார்முலாக்கள். I2 செல்லில் இதை டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

```
=IF(H2<>"",H2,IF(G2="","",E2+G2))
```

கடைசியாக வாங்கிய தேதியுடன் எத்தனை நாள் என்பதைக் கூட்டினால் அடுத்த ஆர்டர் நாள் வரும். ஆனால் "தீபாவளி முடிஞ்சு கூப்பிடுங்க" என்று வாடிக்கையாளரே சொல்லிவிட்டால் நம் கணக்கை விட அவர் சொன்னதே முக்கியம். அந்தத் தேதியை H-ல் கொடுத்தால் பார்முலா அதையே எடுத்துக்கொள்ளும்.

G-ல் எந்த எண்ணைக் கொடுப்பது? இதை ஊகமாகப் போடாதீர்கள். ஒருவர் தைலம் வாங்கிய கடைசி நான்கு தேதிகளைப் பழைய நோட்டில் பாருங்கள். இடைவெளிகள் 52, 61, 70 நாட்கள் என்றால் நடுவில் உள்ளதை ஒட்டி 60 என்று போடலாம். வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாளுக்கு மட்டும் வாங்குபவருக்கு G-ஐக் காலியாக விட்டுவிடுங்கள்.

அடுத்து பிறந்தநாள். பிறந்த வருடம் பழையதாக இருக்கும். நமக்கு வேண்டியது இனி வரப்போகும் பிறந்தநாள். J2 செல்லுக்கான பார்முலா சற்று நீளம். ஒரே வரியாக டைப் செய்யுங்கள்.

```
=IF(D2="","",DATE(YEAR(TODAY())+(DATE(YEAR(TODAY()),MONTH(D2),DAY(D2))<TODAY()),MONTH(D2),DAY(D2))-10)
```

பிறந்தநாளை இந்த வருடத்துக்கு மாற்றிப் பார்க்கிறது. அது கடந்து போயிருந்தால் வருடத்தில் ஒன்றைக் கூட்டுகிறது. பிறகு பத்து நாட்களைக் கழிக்கிறது. பத்து நாள் ஏன் என்றால், ஆர்டர் எடுத்து, சாக்லேட் செய்து, பார்சல் கட்டி, அது போய்ச் சேர வேண்டும். மே மாதக் கத்திரி வெயிலில் கோகோ வெண்ணெய் உருகிவிடும் என்பதால் அக்கா சாக்லேட் பார்சலை இரவு வண்டியில்தான் அனுப்புவார். அதற்கும் ஒன்றிரண்டு நாள் கையிருப்பு வேண்டும். உங்கள் தொழிலுக்கு மூன்று நாள் போதுமென்றால் 10-க்குப் பதில் 3 போடுங்கள்.

நட்சத்திரப் பிறந்தநாள் கொண்டாடும் வீடுகளுக்கு இந்தப் பார்முலா உதவாது. அது ஒவ்வொரு வருடமும் வேறு தேதியில் வரும். புதுப் பஞ்சாங்கம் வந்ததும் அவற்றை மட்டும் பார்த்து D-ல் அந்த வருடத் தேதியை அக்காவே மாற்றிவிடுகிறார்.

K2-ல் இரண்டில் எது முதலில் வருகிறதோ அது வர வேண்டும்.

```
=IF(COUNT(I2:J2)=0,"",MIN(I2:J2))
```

I2, J2, K2 மூன்றையும் தேர்ந்தெடுத்து, மூலையில் உள்ள சிறு கட்டத்தை மவுசால் பிடித்துக் கீழே இழுத்தால் எல்லா வரிசைகளுக்கும் பார்முலா வந்துவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மதுரை வாடிக்கையாளர் ஒருவர் தைலம் வாங்கியது 10-Feb-2025. இடைவெளி 60 நாள். எனவே அடுத்த ஆர்டர் 11-Apr-2025. அவர் மகனின் பிறந்தநாள் ஏப்ரல் 14. அதற்கான அழைப்பு 04-Apr-2025. K-ல் ஏப்ரல் 4 வந்தது. அன்று அக்கா ஒரே போனில் இரண்டையும் பேசிவிட்டார். சாக்லேட்டும் தைலமும் ஒரே பார்சலில் போனதால் அனுப்பும் செலவும் ஒன்றாகவே முடிந்தது.

நாள் நெருங்கியவர்களை நிறத்தில் காட்ட A2 முதல் L300 வரை தேர்ந்தெடுத்து, Home டேபில் Conditional Formatting, New Rule, Use a formula என்று சென்று இதைக் கொடுத்து, Format பட்டனில் நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்.

```
=AND($K2<>"",$K2<=TODAY()+3)
```

இன்னும் மூன்று நாளில் பேச வேண்டியவர்களும், பேசாமல் விட்டவர்களும் நிறம் மாறித் தெரிவார்கள். ஆர்டர் வந்ததும் E-ல் புதுத் தேதி போட்டு H-ஐ அழித்தால் நிறம் போய்விடும். அவர் வேண்டாம் என்றாலும் H-ல் அடுத்த தேதி ஒன்று போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் தினமும் அவர் பெயரே மேலே நிற்கும். பிறந்தநாள் அழைப்பின் நிறம் மட்டும் அந்த நாள் கடக்கும்வரை இருக்கும். பேசியாயிற்று என்று குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

வரிசைப்படுத்தும்போது K நெட்டு வரிசை முழுவதையும் தேர்ந்தெடுக்காதீர்கள். அதில் ஏதாவது ஒரு செல்லில் மட்டும் கிளிக் செய்து, Data டேபில் A–Z பட்டனை அழுத்துங்கள். ஒரு நெட்டு வரிசையை மட்டும் தனியாக வரிசைப்படுத்தினால் மதுரைக்காரரின் பிறந்தநாள் கோவைக்காரருக்குப் போய்விடும். அப்படி ஆனால் உடனே Ctrl+Z.

இன்னொன்று, TODAY() என்பது கம்ப்யூட்டர் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்வது. அக்காவின் பழைய கம்ப்யூட்டரில் மதர்போர்டு பேட்டரி தீர்ந்து, ஒரு காலையில் தேதி பல வருடம் பின்னால் போய்விட்டது. ஷீட்டில் ஒருவர் பெயர்கூட நிறம் மாறவில்லை. "இன்னைக்கு யாரும் இல்ல போல" என்று அக்கா நிம்மதியாக இருந்துவிட்டார்! நிறமே இல்லாத நாளில் திரையின் மூலையில் உள்ள தேதியை ஒருமுறை பாருங்கள். பைலை வாரம் ஒருமுறை பென் டிரைவில் காப்பி எடுப்பதும் நல்லது. அடுத்தவர் போன் நம்பரும் குழந்தைகளின் பிறந்தநாளும் அதில் இருப்பதால் File, Info, Protect Workbook, Encrypt with Password வழியாக பாஸ்வேர்டு ஒன்றும் போட்டுவிடுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் பைலைத் திறக்க முடியாது.

எங்களை நன்றாகச் சுற்றலில் விட்டது குறிஞ்சிப் பூதான். கொடைக்கானலில் நீலக்குறிஞ்சி 2006-லும் 2018-லும் பூத்தது. 12 வருடக் கணக்கில் அடுத்தது 2030. கரூர் வாடிக்கையாளர் ஒருவர் "குறிஞ்சி பூக்கும்போது சொல்லுங்க, குடும்பத்தோட வரணும்" என்று கேட்டிருந்தார். அக்கா H-ல் 01-07-30 என்று டைப் செய்தார். அந்தப் பழைய கம்ப்யூட்டரில் எக்ஸெல் அதை 1930 என்று எடுத்துக்கொண்டது. பேச வேண்டிய நாள் கடந்து தொண்ணூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டதாக அவர் பெயர் முதலில் வந்து நின்றது. வருடத்தை நான்கு இலக்கத்தில் 2030 என்று திருத்தினோம். இப்போது அவர் பட்டியலின் கடைசிக்குப் போய்விட்டார். மாதாமாதம் பூண்டு வாங்குபவரை 2030 வரை கூப்பிடவே தேவையில்லை என்று ஷீட் முடிவு செய்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தோம். இப்போது அவருக்கு இரண்டு படுக்கை வரிசைகள் இருக்கின்றன. ஒன்று பூண்டுக்கு, ஒன்று குறிஞ்சிக்கு.

திண்டுக்கல் ஆசிரியைக்கு 2025 மே மாதம் பத்து நாள் முன்பே போன் போனது. "இந்த வருஷம் மூணு கிலோ போடுங்கக்கா" என்றார்.